பங்குக்குப் பூஜ்யம், பத்திரத்துக்குக் கொஞ்சம்

2021 ஜூன் 7, திங்கட்கிழமை. திவாலாகிக் கிடந்த டிஎச்எஃப்எல் என்ற வீட்டுக்கடன் கம்பெனியை பிரமல் குழுமம் எடுத்துக்கொள்ள, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் மும்பை அமர்வு ஒப்புதல் கொடுத்தது. மறுநாள் பங்குச் சந்தையில் அந்தக் கம்பெனியின் பங்கு, ஒரு நாளில் எவ்வளவு ஏறலாம் என்ற உச்சவரம்பு வரை ஏறியது. விலை 20 ரூபாய்க்குச் சற்று மேல். ஒரு காலத்தில் 690 ரூபாய்க்குப் போன பங்கு. பெரிய முதலாளி வந்துவிட்டார், இனி ஏறுமுகம்தான் என்று கணக்குப் போட்டவர்கள் அள்ளினார்கள்.

அந்த வாரம் முடிந்ததும் வர்த்தகமே நிறுத்தப்பட்டது. மீட்புத் திட்டத்தில் ஏற்கெனவே தெளிவாக எழுதியிருந்தது: பழைய பங்குகள் அத்தனையும் ரத்து, அவற்றின் மதிப்பு பூஜ்யம். கம்பெனி பிழைத்தது. அதன் கடன்கள் தொடர்ந்தன, ஊழியர்கள் தொடர்ந்தார்கள், வீட்டுக்கடன் வாங்கியவர்கள் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். அதன் பழைய சொந்தக்காரர்கள் மட்டும் ஒரு பைசா இல்லாமல் வெளியே வந்தார்கள்.

பங்கு என்றால் என்ன, கடன் பத்திரம் என்றால் என்ன என்பதை இந்த ஒரு கம்பெனியின் கதையை வைத்தே கிட்டத்தட்ட முழுவதுமாகச் சொல்லிவிடலாம். காரணம், இரண்டையும் அது லட்சக்கணக்கான சாதாரண மக்களிடம் விற்றிருந்தது.

2018 மே மாதத்துக்குப் போவோம். டிஎச்எஃப்எல் அப்போது பொதுமக்களிடம் கடன் பத்திரம் விற்க வந்தது. சந்தையில் அதற்குப் பெயர் என்சிடி; பங்காக மாற்ற முடியாத கடன் பத்திரம். ஒரு பத்திரத்தின் முகமதிப்பு 1,000 ரூபாய். வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 9 சதவீதம். ரேட்டிங் நிறுவனங்கள் கொடுத்த மதிப்பெண் 'ஏஏஏ', அதாவது இருப்பதிலேயே உயர்ந்தது. வங்கி டெபாசிட்டில் ஏழு சதவீதத்தை எட்டுவதே பெரிய பாடாக இருந்த நேரம். சில நாட்களில் பத்தாயிரம் கோடிக்கும் மேல் பணம் வந்து குவிந்தது.

அந்த மாதம் இரண்டு பேர் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாயை இந்தக் கம்பெனியில் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஒருவர் சுமார் 600 ரூபாய் விலையில் 166 பங்குகள் வாங்குகிறார். இன்னொருவர் நூறு கடன் பத்திரங்கள் வாங்குகிறார்.

இருவரும் ஒரே கம்பெனியில்தான் பணம் போட்டார்கள். ஆனால் கம்பெனி அவர்களுக்குக் கொடுத்த வாக்கு வேறு. பத்திரம் வாங்கியவருக்கு அது எழுதிக் கொடுத்தது இரண்டே விஷயம்: ஆண்டுக்கு 9,000 ரூபாய் வட்டி, குறித்த தேதியில் ஒரு லட்சம் அசல். கம்பெனி நூறு கோடி லாபம் சம்பாதித்தாலும், ஆயிரம் கோடி சம்பாதித்தாலும் அவருக்கு அதே 9,000தான். நஷ்டமே வந்தாலும் அதே 9,000 தந்தாக வேண்டும். தராவிட்டால் அவர் சட்டத்தின் கதவைத் தட்டலாம். பங்கு வாங்கியவருக்குக் கம்பெனி எதையும் எழுதிக் கொடுக்கவில்லை. டிவிடெண்ட் தருவதும் தராததும் அதன் விருப்பம். அசல் திரும்பி வரும் தேதி என்று ஒன்று கிடையாது. பணம் வேண்டுமென்றால் சந்தையில் இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். இதற்கெல்லாம் பதிலாக அவருக்குக் கிடைப்பது, எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருக்கும் அத்தனையிலும் ஒரு பங்கு. அந்த மிச்சத்துக்கு மேல் வரம்பு இல்லை. கீழேயோ அது பூஜ்யமாகவும் இருக்கலாம்.

அந்த ஆண்டு செப்டம்பர் தொடக்கம் வரை பங்குக்காரர் முகத்தில்தான் சிரிப்பு. ஒரு லட்சம் ஒரு லட்சத்துப் பதினான்காயிரம் வரை போனது. பத்திரக்காரர் நான்கு மாத வட்டிக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தது செப்டம்பர் 21.

அந்த வெள்ளிக்கிழமை பங்கு ஒரே நாளில் 42 சதவீதம் விழுந்தது. என்ன நடந்தது? ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற பெரிய நிதி நிறுவனம் கடனைத் திருப்பித் தர முடியாமல் தடுமாறத் தொடங்கியிருந்தது. பைனான்ஸ் கம்பெனிகள் என்றாலே சந்தை மிரண்டிருந்த நேரத்தில், ஒரு மியூச்சுவல் ஃபண்ட் தன்னிடமிருந்த டிஎச்எஃப்எல் குறுகிய காலக் கடன் பத்திரத்தில் 300 கோடி ரூபாய்க்குத் தள்ளுபடி விலையில் விற்றது. வாங்கியவருக்கு ஆண்டுக்கு 11 சதவீத வருமானம் கிடைக்கும் அளவுக்கு அந்த விலை இறங்கியிருந்தது. பங்குச் சந்தை இதை உடனே பிடித்துக்கொண்டது: கடன் கொடுப்பவர்கள் இந்தக் கம்பெனியிடம் கூடுதல் வட்டி கேட்கத் தொடங்கிவிட்டார்கள் என்றால் உள்ளே ஏதோ சரியில்லை.

உள்ளே இருந்த சிக்கல் இதுதான். வீட்டுக்கடன் என்பது பதினைந்து, இருபது ஆண்டுகளில் திரும்பி வரும் பணம். அதைக் கொடுக்கக் கம்பெனி வாங்கிய கடனில் கணிசமான பகுதி சில மாதங்களிலும் சில ஆண்டுகளிலும் திருப்ப வேண்டியது. பழைய கடனை அடைக்கப் புதிய கடன் கிடைத்துக்கொண்டே இருக்கும் வரை வண்டி ஓடும். கிடைக்காத நாளில் நின்றுவிடும். 2019 ஜூன் தொடக்கத்தில் பத்திரங்களுக்குரிய வட்டியைக் குறித்த நாளில் கொடுக்க முடியாமல் போனது. ஓர் ஆண்டுக்கு முன் 'ஏஏஏ' கொடுத்திருந்த ரேட்டிங், அந்த மாதத்திலேயே 'டி' ஆனது. 'டி' என்றால் தவறிவிட்டார் என்று பொருள். நிர்வாகத்தின் மேல் மோசடிக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. நவம்பரில் ரிசர்வ் வங்கி இயக்குநர் குழுவைக் கலைத்துவிட்டுத் தன் நிர்வாகியை நியமித்தது. டிசம்பரில் விவகாரம் திவால் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயத்துக்குப் போனது. ஒரு நிதி நிறுவனம் அந்தச் சட்டத்தின் கீழ் வந்தது இந்தியாவில் அதுவே முதல் முறை.

ரிஸ்க் என்ற சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பது இந்தக் கட்டத்தில்தான் தெரியவரும். கம்பெனி நன்றாக ஓடும்வரை யார் எந்த வரிசையில் நிற்கிறார்கள் என்பதை யாரும் கவனிப்பதில்லை. மூடும் நிலை வந்தால் சட்டம் பந்தி போட்டு உட்கார வைக்கிறது. முதலில் திவால் நடைமுறையின் செலவு. அடுத்து, கம்பெனியின் சொத்தை ஈடாகப் பிடித்து வைத்திருக்கும் கடன்காரர்கள். அவர்களோடு சமமாகத் தொழிலாளர்களின் இரண்டு ஆண்டு நிலுவைச் சம்பளம். அதற்கு அடுத்து மற்ற ஊழியர்களின் சம்பளம், பிறகு ஈடு இல்லாமல் கடன் கொடுத்தவர்கள், அதற்கும் கீழே அரசுக்கு வர வேண்டிய வரி. கடைசிப் பந்தியில் பங்குதாரர்கள். முன் பந்திக்காரர்கள் வயிறு நிறைந்து எழுந்த பிறகு பாத்திரத்தில் ஏதாவது இருந்தால்தான் இவர்களுக்கு. கம்பெனியை மூடாமல் வேறொருவர் கைக்கு மாற்றும்போதும் பேரம் இந்த வரிசையை ஒட்டியே நடக்கும்.

டிஎச்எஃப்எல் தர வேண்டியதாக ஏற்கப்பட்ட கடன் சுமார் 87,000 கோடி ரூபாய். கடன் கொடுத்தவர்கள் கைக்கு மொத்தத்தில் வந்தது சுமார் 38,000 கோடி. ரூபாய்க்கு 44 காசு என்று வைத்துக்கொள்ளலாம். இது எல்லா வகைக் கடன்காரர்களையும் சேர்த்த சராசரி. யாருக்கு என்ன ஈடு இருந்தது என்பதைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். இந்தத் தொகையும் முழுக்கப் பணமாக வரவில்லை. ஏறக்குறைய பாதி, பிரமல் கம்பெனியின் புதிய கடன் பத்திரங்களாக வந்தது. பத்து ஆண்டுப் பத்திரம், வட்டி 6.75 சதவீதம். ஒரு கம்பெனிக்குக் கடன் கொடுத்து இரண்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்தவருக்கு, இன்னொரு கம்பெனிக்குக் கடன் கொடுத்ததாக ஒரு காகிதம்!

அதில் மிகவும் நொந்துபோனவர்கள் பிக்சட் டெபாசிட் போட்டவர்கள். வங்கி டெபாசிட்டைப் போலவே ரசீது, அதே 'எஃப்டி' என்ற பெயர். பலர் ஓய்வுக்காலப் பணத்தைப் போட்டிருந்தார்கள். வங்கியில் போட்டிருந்தால் ஐந்து லட்சம் வரை டெபாசிட் காப்பீடு உண்டு. பைனான்ஸ் கம்பெனி டெபாசிட்டுக்கு அந்தக் காப்பீடு கிடையாது. அது ஈடு இல்லாத கடன். இரண்டு லட்சம் வரை போட்டவர்களுக்கு முழுத்தொகையும் கிடைத்தது. அதற்கு மேல் போட்டிருந்த பலருக்குக் கால் பங்கை ஒட்டிய தொகையோடு கணக்கு முடிந்தது.

ஆக, ஒரு லட்சம் போட்ட நம் இருவரில் பங்குக்காரர் கையில் ஒன்றுமில்லை. பத்திரக்காரருக்கு ஏதோ ஒரு பகுதி வந்தது. பத்திரம் பாதுகாப்பானது என்று சொல்வதன் பொருள் இவ்வளவுதான்: நஷ்டம் வராது என்பதல்ல, நஷ்டம் வரும்போது முதல் அடி அடுத்தவர் மேல் விழும் என்பது.

அப்படியானால் பங்கை ஏன் வாங்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தமிழ்நாடு அரசிடமே இருக்கிறது. 1984-இல் கைக்கடிகாரம் செய்ய டாடா குழுமத்தோடு சேர்ந்து தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ ஒரு கம்பெனியைத் தொடங்கியது. தொழிற்சாலை ஓசூரில். அதுதான் டைட்டன். இன்றும் அந்தக் கம்பெனியில் டிட்கோவின் பங்கு 27.88 சதவீதம், டாடா குழுமத்தின் பங்கைவிடக் கூடுதல். கையில் இருப்பவை 24 கோடியே 74 லட்சத்துச் சொச்சம் பங்குகள்.

டைட்டன் 2019-20 நிதியாண்டுக்கு ஒரு பங்குக்கு 4 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. முந்தைய ஆண்டு 5 ரூபாய் தந்திருந்தது. கொரோனா வந்ததும் கையைச் சுருக்கிக்கொண்டது. ஒரு ரூபாயைக் குறைத்தது ஏன் என்று எந்தப் பங்குதாரரும் வழக்குப் போட முடியாது. 2021-22-இல் அது 7.50 ரூபாய். 2023-24-இல் 11 ரூபாய். டிட்கோவின் கணக்கில் பார்த்தால் சுமார் 99 கோடியாக இருந்த ஆண்டு வருமானம், நான்கு ஆண்டில் சுமார் 272 கோடியானது. பங்கின் சந்தை மதிப்பு உயர்ந்தது இதில் சேராது. அதே கம்பெனிக்கு அதே காலத்தில் கடன் கொடுத்திருந்த வங்கிக்கு என்ன கிடைத்திருக்கும்? பேசிய வட்டி. கம்பெனியின் லாபம் பல மடங்கு ஆனதற்காக எந்தக் கம்பெனியும் வங்கிக்குப் போனஸ் வட்டி கொடுப்பதில்லை.

பங்கில் பத்துக் கம்பெனிகளில் பணம் போட்டு, மூன்று மண்ணாய்ப் போனாலும் ஒரு டைட்டன் அகப்பட்டால் அது மூன்றின் நஷ்டத்தையும் சேர்த்துச் சுமந்துவிடும். கடன் பத்திரத்தில் அந்த வசதி இல்லை. பத்தில் ஒன்று கவிழ்ந்தால் மற்ற ஒன்பதும் சேர்ந்து அதை ஈடுகட்டுவதே பெரும்பாடு, ஏனென்றால் எதுவும் ஒப்புக்கொண்ட வட்டிக்கு மேல் ஒரு பைசா தரப்போவதில்லை. பத்திரத்தை வாங்கும்போது எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்பதைவிட, வராமல் போக எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்று பார்ப்பது ஏன் முக்கியம் என்றால் இதனால்தான்.

அதை ஒரு சிறிய கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மத்திய அரசின் கடன் பத்திரம் 7 சதவீதம் தருகிறது, ஒரு தனியார் கம்பெனி 9 சதவீதம் தருகிறது என்று வைப்போம். நூறு ரூபாய்க்குக் கூடுதலாகக் கிடைப்பது இரண்டு ரூபாய். கம்பெனி கவிழ்ந்தால் டிஎச்எஃப்எல் போல நூற்றில் நாற்பது திரும்பி வரும், அறுபது போகும் என்றும் வைப்போம். அறுபது ரூபாய் நஷ்டத்தை இரண்டு இரண்டு ரூபாயாக ஈடுகட்ட முப்பது முறை வேண்டும். அதாவது, ஆண்டுக்கு முப்பது கம்பெனிகளில் ஒன்று கவிழும் என்றால் அந்தக் கூடுதல் இரண்டு சதவீதம் முழுவதும் அங்கேயே போய்விடும். அரசுப் பத்திரத்திலேயே இருந்திருக்கலாம். இருபத்தைந்தில் ஒன்று என்றால் கைநஷ்டம். நூற்றில் ஒன்று என்றால் லாபம். கூடுதல் வட்டி என்பது பரிசு அல்ல, கவிழும் வாய்ப்புக்குச் சந்தை குறித்த கூலி. அந்தக் கூலி போதுமா என்பதுதான் பத்திரம் வாங்குபவர் போட வேண்டிய கணக்கு.

இந்தக் கணக்கு இப்போது முன்னைவிட அதிகம் பேருக்குத் தேவைப்படுகிறது. கம்பெனிகள் தனிப்பட்ட முறையில் விற்கும் கடன் பத்திரங்களின் முகமதிப்பு சில ஆண்டுகளுக்கு முன் வரை பத்து லட்சம் ரூபாய், பணக்காரர்களின் பொருள். செபி அதை முதலில் ஒரு லட்சமாகவும், 2024-இல் சில நிபந்தனைகளோடு பத்தாயிரமாகவும் குறைத்தது. செல்போன் ஆப்பைத் திறந்தால் 11, 12 சதவீதம் என்று பெரிய எழுத்தில் பத்திரங்கள் வரிசையாக நிற்கின்றன. வட்டி மட்டும் பெரிய எழுத்து. ஈடு உண்டா இல்லையா, ரேட்டிங் என்ன, அசல் எப்போது என்பவை அடுத்த பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். படிக்க வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான்.

அதுவும் சில பத்திரங்கள் பெயரளவில்தான் பத்திரம். யெஸ் வங்கியின் கதை அப்படிப்பட்டது. அந்த வங்கி 'ஏடி1' என்ற வகைப் பத்திரங்களை 9, 9.5 சதவீத வட்டியில் விற்றிருந்தது. இந்த வகைக்கு முதிர்வுத் தேதியே கிடையாது. வங்கி விரும்பினால் சில ஆண்டுகளுக்குப் பிறகு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வங்கி நெருக்கடியில் விழுந்தால் அசலையே ரத்து செய்யலாம் என்றும் விதியில் இருந்தது. வங்கியின் வாடிக்கையாளர்களான ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனிநபர்கள் இதை வாங்கியிருந்தார்கள். பிக்சட் டெபாசிட்டைவிடக் கூடுதல் வட்டி என்று சொல்லி, ரிஸ்க்கை விளக்காமல் தலையில் கட்டியதாகப் பின்னாளில் செபி அந்த வங்கிக்கு அபராதம் விதித்தது.

2020 மார்ச்சில் யெஸ் வங்கி தடுமாறியது. ஸ்டேட் வங்கி தலைமையில் மற்ற வங்கிகள் முதலீடு செய்து அதைத் தூக்கி நிறுத்தின. அப்போது 8,415 கோடி ரூபாய் மதிப்புள்ள ஏடி1 பத்திரங்கள் ஒரே உத்தரவில் பூஜ்யமாக்கப்பட்டன. பங்குகளோ ரத்தாகவில்லை. நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்கள் முக்கால்வாசியை மூன்று ஆண்டு விற்கக் கூடாது என்ற தடை மட்டுமே. பந்தி வரிசை தலைகீழாகிவிட்டது! பத்திரக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம் அந்த ரத்து செல்லாது என்றது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதற்கிடையில் செபி, ஏடி1 பத்திரத்தின் குறைந்தபட்ச முதலீட்டை ஒரு கோடியாக உயர்த்தி, பெரிய நிறுவனங்கள் மட்டுமே வாங்கலாம் என்று கதவை அடைத்தது.

கவிழாத பத்திரத்திலும் ஒரு சின்ன ஆபத்து உண்டு. அரசுப் பத்திரம் என்றாலும் விடாது. பத்து ஆண்டுக்கு 7 சதவீதம் தரும் 1,000 ரூபாய் பத்திரம் ஒருவரிடம் இருக்கிறது. வாங்கிய கொஞ்ச நாளில் சந்தை வட்டி 8 சதவீதமாக ஏறுகிறது. புதிதாக 80 ரூபாய் வட்டி தரும் பத்திரம் கிடைக்கும்போது 70 ரூபாய் தருவதை யார் 1,000 கொடுத்து வாங்குவார்கள்? விலை சுமார் 933 ரூபாய்க்கு இறங்கும். வட்டி குறைந்தால் இதே கணக்கு மறுபுறம் திரும்பி விலை ஏறும். முதிர்வு வரை வைத்திருப்பவருக்கு அசல் முழுதாக வந்துவிடும் என்பதால் இது பெரிய கவலை இல்லை. நடுவில் விற்க வேண்டிய தேவை வந்தால்தான் வலிக்கும். மகள் கல்யாணம் மூன்று ஆண்டில் என்றால் பத்து ஆண்டுப் பத்திரம் வாங்குவது ஏன் பொருந்தாது என்பதற்கு இதுவே காரணம்.

டிஎச்எஃப்எல் கதைக்கு ஒரு பின்குறிப்பும் இருக்கிறது. பழைய நிர்வாகத்தின் காலத்தில் முறைகேடாக வெளியே போனதாகச் சொல்லப்பட்ட சுமார் 45,000 கோடி ரூபாயை மீட்க வழக்குகள் நடக்கின்றன. அந்தப் பணம் என்றாவது திரும்பி வந்தால் யாருக்குச் சேரும்? மீட்புத் திட்டத்தில் அந்த உரிமைக்குப் போட்ட மதிப்பு ஒரே ஒரு ரூபாய். அதைக் கொடுத்து உரிமையை எடுத்துக்கொண்டது பிரமல். கடன் கொடுத்தவர்களில் சிலர் எங்களுக்குத்தான் வர வேண்டும் என்று வாதாடினார்கள். மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அந்தப் பகுதியை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் திட்டம் எழுதியபடியே செல்லும் என்று முடித்துவைத்தது. கடன்காரர்களின் கணக்கு ரூபாய்க்கு 44 காசோடு தீர்ந்துவிட்டது; இனி என்ன வந்தாலும் அது புதிய சொந்தக்காரரின் மிச்சம்.